மேல் அறையின் வாடகை ரசீது

ரசீதக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருக்கிற குடித்தனக்காரர்களுக்கு அவள் ரசீதக்காதான். ஓனரும் அப்படித்தான் கூப்பிடுவார். கறிகாய்க் கடைக்காரர்கூட, "ரசீதக்கா, உங்ககிட்ட பில்லு குடுக்கவே பயமா இருக்கு," என்பார். அவள் சிரிக்கமாட்டாள். பில்லை வாங்கி, கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையைத் தூக்குவாள்.

அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டது அவள் புருஷன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் ஓனர் வெளியூரிலிருந்து வந்து, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையில் அவளே இருந்துகொள்ளலாம், புருஷன் பார்த்த வேலையையும் பார்க்கலாம் என்றார். இரக்கப்பட்டுச் சொன்னாரா, வேறு ஆள் தேடச் சோம்பல்பட்டுச் சொன்னாரா என்று அவள் ஆராயவில்லை. சாவிக்கொத்தும் ரசீதுப் புத்தகமும் அவள் கைக்கு வந்தன. அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தின் மேல் அவள் வைத்த விசுவாசத்தைச் சில பேர் சாமி மேல்கூட வைப்பதில்லை.

வேலை இதுதான். வாடகை கொடுக்கிறவர்கள் கொடுத்ததும் ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்வாள்: எந்த வீடு, யார், எவ்வளவு, ரொக்கமா வங்கியா, என்றைக்கு வந்தது, எந்த மாதத்துக்கு. ரொக்கம் என்றால் அவள் கையில் வரும். வங்கி வழியாகப் போனால் ஓனரின் போனுக்குச் செய்தி வரும். அதை அவர் அப்படியே படமெடுத்து அவளுக்கு அனுப்புவார். அதையும் சீட்டில் எழுதிக் கம்பியில் குத்திவைப்பாள். எல்லாச் சீட்டும் சேர்ந்தபிறகு ஒருநாள் காலையில் முகம் கழுவி, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், சீட்டு ஒவ்வொன்றும் ரசீதாக மாறும். மேலே எண், தேதி. கீழே யாரிடமிருந்து, எந்த வீட்டுக்கு, எந்த மாதத்துக்கு. தொகையை முதலில் எழுத்தில் எழுதுவாள், பிறகுதான் கட்டத்துக்குள் எண்ணில். எண்ணில் ஒரு சுழி சேர்ப்பது எந்தத் திருடனுக்கும் முடியும், எழுத்தில் சேர்ப்பது கஷ்டம் என்பது அவள் கட்சி. "எட்டாயிரத்து ஐந்நூறு மட்டும்" என்று முடித்து, மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவாள். அடியில் வலதுபக்கம் கையெழுத்துக்கு இடம் விட்டு, பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவாள். ஓனர் மாதத்தில் ஒருநாள் வந்து அந்தக் குறி இருக்கும் இடமெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விடுவார்.

அவளிடம் எதுவும் நடக்காது. முதல் மாடியில் இருந்த ஒரு ஆபீஸ்காரர், "பத்தாயிரம்னு போடுங்கக்கா, ஆபீஸ்ல காட்டணும், உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"குடுத்தது எட்டு. எட்டுதான் எழுதுவேன்."

"மத்த வீட்டுல எல்லாம் போட்டுத் தராங்கக்கா."

"அப்ப அந்த வீட்டுக்குக் குடி போங்க."

அவர் போகவில்லை. எட்டுக்குத்தான் ரசீது வாங்கினார். பணம் வந்த குறிப்பு இல்லாமல் பேனாவைத் திறக்கமாட்டாள், வந்ததற்கு ஒரு காசு கூட்டியும் எழுதமாட்டாள், குறைத்தும் எழுதமாட்டாள். தன் ரசீதில் பொய் ஏறவே ஏறாது என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. பாவம், அந்தக் கர்வத்துக்குத்தான் அடி விழுந்தது.

மேல்தளத்தில் ஒற்றை அறை ஒன்று உண்டு. அதில் ஐஸ் தம்பி இருந்தான். குளிர்சாதனக் கிடங்குகளில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. வேலை முடிந்து வந்து குளிப்பான். வாளியை அவன் மெதுவாக வைத்து அவள் பார்த்ததே இல்லை. சிமெண்டுத் தரையில் ணங்கென்று வைப்பான், சத்தம் மாடிப்படி வழியாக இறங்கி அவள் அறைக்குள் வரும். "தம்பி, வாளி உங்களோடதுதான், தரை ஓனரோடது," என்று சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே, "நாளையிலேர்ந்து பஞ்சுமெத்தை போட்டு வைக்கிறேன்க்கா," என்பான். மறுநாளும் ணங்.

அவன் ஒருநாள் தோள்பையோடு இறங்கி வந்தான்.

"அக்கா, வெளியூர்ல ஒரு பெரிய கிடங்கு வேலை. வர ரெண்டு மூணு மாசம் ஆகும். வாடகை ஒண்ணாந்தேதி வங்கியில வந்துடும். ரசீதை மட்டும் எங்க அம்மாவுக்குத் தபால்ல போட்டுடுறீங்களா? எப்பவும் நான்தான் அனுப்புவேன்."

"ரசீது எதுக்கு அவங்களுக்கு?"

"அதைப் பாத்தாதான் அம்மாவுக்கு நம்பிக்கை, நான் எங்கயும் பிளாட்பாரத்துல படுக்கலைன்னு," என்று சிரித்தான். பிறகு சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "இப்ப எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லக்கா. கல்யாண விஷயமா ஒரு சண்டை. ரசீது போனாப் போதும், புரிஞ்சுக்கும்."

உறைகளில் முகவரி எழுதிக் கட்டாகக் கொடுக்க நினைத்திருந்தவன், எழுத நேரமில்லை என்று வெற்று உறைகளையும் தபால்தலைகளையும் கொடுத்து, முகவரியை ஒரு தாளில் எழுதிவிட்டுப் போனான். அவனை அவள் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

ஒன்றாம் தேதி ஓனர் அனுப்பிய படத்தில் அவன் பணம் இருந்தது. பணத்தோடு ஒரு வரி குறிப்பு எழுத இடம் உண்டல்லவா, அதில், "மேல் ரூம் வாடகை, அக்கா ரசீது அம்மாவுக்கு" என்று எழுதியிருந்தான். "போட்டுட்டாப் போச்சு," என்று அவள் வாய்விட்டே சொன்னாள். சீட்டு எழுதினாள், ரசீது எழுதினாள், ஓனர் கையெழுத்துப் போட்டதும் உறையில் வைத்துத் தபாலில் சேர்த்தாள். அடுத்த மாதமும் வந்தது. அதே வரி. அதற்கடுத்த மாதமும்.

மூன்று மாதம் போய், ஆறு மாதம் போய், வருஷம் திரும்பியது. ஆள் வரவில்லை. போன் போட்டால் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. "வேலை நீண்டிருக்கும், நம்பர் மாத்தியிருப்பான்," என்றார் ஓனர். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. மாதம் பிறந்தால், "அக்கா ரசீது அம்மாவுக்கு" என்று ஒருத்தன் கேட்டுக்கொண்டிருக்கிறான்; அவன் இல்லை என்று எப்படி நினைக்க முடியும்? மாற்றுச்சாவி அவளிடம் இருந்தது. வாடகை கட்டுகிற ஆளின் அறையைத் திறக்கக் கூடாது என்பது அவள் சட்டம். அதனால் பூட்டு பூட்டாகவே இருந்தது.

சத்தம் கேட்க ஆரம்பித்தது அப்போதுதான். சாயங்காலம் அவள் அரிசி களைந்துகொண்டிருப்பாள், மேலே ணங்கென்று வாளி வைக்கிற சத்தம் கேட்கும். கை அப்படியே நின்றுவிடும். முதல் தடவை ஓடிப்போய்ப் பார்த்தாள். பூட்டு தொங்கியது. பூட்டைத் தொட்டாள், ஜில்லென்று இருந்தது. கதவில் காதை வைத்தாள், உள்ளே ஒன்றும் இல்லை. கீழே வந்து பார்த்தால் அரிசித் தண்ணீர் தரையெல்லாம் ஓடியிருந்தது. யாரிடம் சொல்வது? ரசீதக்காவுக்குக் காது கோளாறு என்பார்கள், இல்லாவிட்டால் தலையில் கோளாறு என்பார்கள்.

இரண்டாம் மாடியில் ஒரு நர்ஸ் குடியிருந்தாள். ஒருநாள் படியில் எதிர்ப்பட்டவள் தானாகவே கேட்டாள்.

"அக்கா, மேல யாராச்சும் புதுசா வந்திருக்காங்களா?"

"ஏன்?"

"நேத்து வாளி வைக்கிற சத்தம் கேட்டுச்சு."

"பக்கத்துக் கட்டடமா இருக்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பயமாகத்தான் இருந்தது. அதோடு, இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. பணமும் வருகிறது, சத்தமும் வருகிறது. அவன் எங்கேயோ இருக்கிறான்.

பிறகு ஓனர் எல்லா வீட்டுக்கும் ஆயிரம் ஏற்றினார். அறிவிப்பைத் தட்டச்சடித்துக் கொடுத்தார். அவள் வீடு வீடாகக் கொடுத்தாள். மேல் அறைக்குக் கதவிடுக்கில் தள்ளிவிட்டாள். ஒன்றாம் தேதி எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றிய வாடகையைக் கொடுத்தார்கள். மேல் அறையிலிருந்து எட்டாயிரத்து ஐந்நூறுதான் வந்தது. ஒன்பதாயிரத்து ஐந்நூறு வரவேண்டும். கூடவே அதே வரி, அதே எழுத்து.

அவள் அந்தப் படத்தை நர்ஸிடம் காட்டினாள். "ஏத்தினது தெரியாம இருக்குமா? ஓனர் அவன் நம்பருக்கும் மெசேஜ் போட்டாராமே."

நர்ஸ் போனை வாங்கிப் பார்த்தாள், பழைய மாதங்களையும் தள்ளிப் பார்த்தாள். "எல்லாம் விடிகாலையில ஒரே நேரத்துக்கு வந்திருக்கேக்கா. இது அவர் அனுப்புறது இல்ல. மாசா மாசம் தானா போற மாதிரி பேங்க்ல சொல்லிவெச்சிருப்பார். குறிப்பும் ஒரு தடவை எழுதினா அதுவே போய்க்கிட்டிருக்கும். என் லோனுக்கும் அப்படித்தான் போகுது. நான் செத்தாலும் போகும், கணக்குல பணம் இருக்கிற வரைக்கும்."

நர்ஸ் விளையாட்டாகத்தான் சொன்னாள். ரசீதக்கா போனைத் திருப்பி வாங்கி, அந்த வரியை மறுபடி படித்தாள். ஒவ்வொரு மாதமும் அந்த வரிக்கு அவள் வாய்விட்டுப் பதில் சொல்லியிருக்கிறாள். "போட்டுட்டேன் தம்பி," என்றிருக்கிறாள். போன மாதம், "உடம்பைப் பாத்துக்கோ," என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். யாரிடம் சொன்னாள்?

அன்றே ஓனருக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "பணம் வருதுல்ல? ரசீதைப் போடுங்க. ஆயிரம் குறைஞ்சா பாக்கின்னு எழுதுங்க. ஆள் வந்தா வாங்கிப்போம்."

"ஆள் வரலைன்னா?"

"கணக்குல எவ்வளவு நாள் பணம் இருக்கும்? நின்னா அப்ப பாப்போம்க்கா."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவள் சட்டப்படியும் அதுதான் சரி. வந்தது எட்டாயிரத்து ஐந்நூறு, அதற்கு ரசீது. கீழே, பாக்கி ஆயிரம் மட்டும். எழுதினாள். ஆனால் "இன்னாரிடமிருந்து பெற்றுக்கொண்டேன்" என்ற இடத்தில் அவன் பெயரை எழுதும்போது பேனா கனத்தது. மேலே ணங் என்று கேட்டது. நிமிராமல் எழுதி முடித்தாள். அடுத்த மாதமும் எழுதினாள், அதற்கடுத்த மாதமும். கணக்கில் இன்னும் பணம் இருக்கிறதே, இவ்வளவு சேர்த்துவைத்திருந்தானா என்று ஆச்சரியம் வேறு.

அந்த மூன்றாவது ரசீது போன சில நாளில் ஒரு வயதான அம்மா வாசலில் வந்து நின்றாள். தோளில் துணிப்பை. நெடுநாள் தையல் மெஷினில் குனிந்தவர்களுக்கு முதுகில் ஒரு கூன் விழுமே, அது இருந்தது. பையிலிருந்து ரசீதுகளை எடுத்தாள். ஒன்றுகூடக் கசங்கவில்லை, ரப்பர் போட்டுக் கட்டியிருந்தாள்.

"வாடகை ரசீது எழுதுறது நீங்களா?"

"ஆமா. வாங்கம்மா, உக்காருங்க." யார் என்று கேட்கத் தேவையே இல்லை. நெற்றியும் கண்ணும் அப்படியே ஐஸ் தம்பி.

அந்த அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "அவன் மேலதானே இருக்கான்? நான் அவனைப் பாக்க வரல. என்னைப் பாக்கப் பிடிக்காதவனை நான் ஏன் தொந்தரவு பண்ணணும்? இந்த மூணு மாசமா பாக்கி பாக்கின்னு ரசீதுல வருது. அவன் பாக்கி வைக்கிற பிள்ளை இல்ல. கையில முடை போல. அதான் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். நான் வந்தேன்னு சொல்லாதீங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்து மூவாயிரத்தை மேஜைமேல் வைத்தாள். எல்லாம் சின்ன நோட்டுகள். அவன் மேலே இல்லை என்று சொல்ல ரசீதக்கா வாயெடுத்தாள், நிறுத்திக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாதபோது அவள் எப்போதும் செய்வதையே செய்தாள். நோட்டை எண்ணி, சீட்டில் குறித்து, ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள். மூவாயிரம் மட்டும் என்று எழுதிக் கோடு இழுத்தாள். யாரிடமிருந்து என்ற இடத்துக்கு வந்தாள்.

"உங்க பேர் சொல்லுங்கம்மா."

"அவன் பேர்லயே போடுங்க."

"குடுத்தது நீங்கதானே. குடுத்தவங்க பேர்லதான் போடணும்."

"என் காசு, அவன் காசுன்னு என்னம்மா இருக்கு? பேங்க்லயும் எங்க ரெண்டு பேர் பேர்லயும்தான் கணக்கு. ஆஸ்பத்திரித் துணி தைக்கிற காசை நான்தான் மாசா மாசம் அதுல போட்டுட்டு வரேன். போட்டா எடுத்துக்கிறான். கவுண்டர்ல கேப்பேன், பணம் குறைஞ்சிருக்கு அம்மான்னு சொல்லுவாங்க. சரி, பிள்ளை எடுத்திருக்கான், சாப்பிடுறான், உயிரோட இருக்கான்னு நெனச்சுப்பேன். உடனே அடுத்ததைப் போட்டுடுவேன்."

பேனா ரசீதின்மேல் நின்றது. மை ஊறி ஒரு பொட்டாகப் பரவியது. ரசீதக்கா தன் வாழ்நாளில் அடித்துத் திருத்திய ரசீது அது ஒன்றுதான்.

அவள் இதுநாள்வரை என்ன செய்திருக்கிறாள் என்பது அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. வாடகை வருவதால் அவன் இருக்கிறான் என்று இவள் நினைத்தாள். பணம் குறைவதால் அவன் இருக்கிறான் என்று அந்த அம்மா நினைத்தாள். நடுவில் அவன் இல்லை. ஒரு பூட்டிய அறைக்கு அந்தக் கிழவியின் கூன் முதுகு வாடகை கட்டிக்கொண்டிருந்தது. சொல்லாமல் விட்டால் இந்த அம்மா இன்னும் தைப்பாள், இன்னும் போடுவாள், சாகும்வரை போடுவாள். சொன்னால் அவளிடம் இருக்கிற ஒரே பிள்ளையை இவள் கையாலேயே பிடுங்கியதாகும். ரசீதக்கா இரண்டையும் எடை போட்டாள். எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அந்த அம்மா குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"இந்த ரசீதை எல்லாம் யார் அனுப்பினதுன்னு நெனச்சீங்க?"

"அவன்தான். கவர்ல எழுத்து அவனோடது இல்லைன்னு தெரியும். யாரையாவது விட்டு எழுதியிருப்பான். கோபம் இருந்தாலும் ரசீது மட்டும் விடாம அனுப்புறானே, அதுவே போதும்னு இருந்தேன். அதான் போலீஸ்லகூட விட்டுட்டேன்."

"போலீஸ்லயா?"

"போன் போகலைன்னதும் போனேன். அவங்க கேட்டாங்க, கணக்குல பணம் எடுக்கிறானான்னு. எடுக்கிறான்னேன். உங்க ரசீதைக் காட்டினேன். ஒழுங்கா வாடகை கட்டிட்டு ஒரு இடத்துல இருக்கான், உங்களோட பேசப் பிடிக்கல, இதுக்குப் போய் கம்ப்ளெய்ண்டான்னு அனுப்பிட்டாங்க."

ரசீதக்கா அந்த ரசீதுக் கட்டைப் பார்த்தாள். அவள் எழுத்து, அவள் இழுத்த கோடு. அதைப் பார்த்துத்தான் ஒரு பிள்ளையைத் தேடாமல் விட்டிருக்கிறார்கள்.

"கவர்ல எழுதினது நான்," என்றாள். "அனுப்பினதும் நான்தான். போறப்ப சொல்லிட்டுப் போனார், அதுப்படி செஞ்சேன். அவர் போனதுலேர்ந்து மேல வரவே இல்லம்மா. பணம் அவர் அனுப்பல. மாசா மாசம் தானா போகச் சொல்லி பேங்க்ல எழுதிவெச்சிருக்கார், அது மெஷின் மாதிரி போயிட்டிருக்கு. நீங்க போட்டீங்க, அது இங்க வந்தது. உங்க காசை வாங்கி, உங்க பிள்ளை பேர்ல ரசீது போட்டு, உங்களுக்கே அனுப்பியிருக்கேன்."

அந்த அம்மா கூச்சல் போடவில்லை. ரப்பர் கட்டிய ரசீதுகளை ஒருமுறை பார்த்தாள், மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த ரூமைப் பாக்கலாமா?" என்றாள்.

ஒவ்வொரு படியாக ஏறினார்கள். மாற்றுச்சாவி திருகத் திருகத் திரும்பாமல், பிறகு திடீரென்று திரும்பியது. கதவைத் தள்ளியதும் காலடியில் காகிதம் உரசியது. வாடகை ஏற்றிய அறிவிப்பு, அவள் தள்ளிவிட்ட இடத்திலேயே கிடந்தது. தரை முழுக்கத் தூசி, அதில் ஒரு காலடிகூட இல்லை. கொடியில் போட்ட துண்டு விறைத்துப்போயிருந்தது. குளியலறையில் வாளி கவிழ்த்து வைத்திருந்தது. வாளிக்கும் தரைக்கும் நடுவில் ஒட்டடை கட்டியிருந்தது, ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. ரசீதக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்படியானால் மூன்று நாளுக்கு முன்னால்கூடக் காதில் விழுந்த சத்தம் என்ன? அதை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. எந்தச் சத்தத்தையும் அந்த அம்மாவிடம் கடைசிவரை சொல்லவும் இல்லை.

அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து, தலையணையைத் தட்டினாள். தூசி எழுந்தது. "சோம்பேறி, உறை மாத்தாமயே போயிருக்கான்," என்றாள்.

பிறகு நடக்கவேண்டியவை நடந்தன. கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் அந்த அம்மாவே வங்கியில் எழுதிக்கொடுத்து நிறுத்தலாம் என்று நர்ஸ் விசாரித்துச் சொன்னாள். ரசீதக்கா ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, மேல் அறை அவன் போனதிலிருந்து அவன் அம்மா வரும்வரை திறக்கப்படவில்லை, வாடகை வங்கியிலிருந்து தானாக வந்தது, ரசீதுகள் அந்தப் பணத்துக்கு மட்டுமே, ஆள் இருந்ததற்கு அல்ல என்று எழுதினாள். அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டுப் பழக்கதோஷத்தில் பெருக்கல் குறியும் போட்டாள். பிறகு அந்த இடத்தில் தானே கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளைக் கொண்டுபோனதும் போலீஸில் இந்தத் தடவை புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். மூவாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முன்பணத்தைக் கேட்டு ஓனரிடம் போனில் சண்டை போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து அவர் கேட்டதே இல்லை; "சரிக்கா, சரிக்கா," என்று வைத்துவிட்டார். அவன் கொடுத்திருந்த முன்பணமும் அந்த அம்மாவுக்கு வந்து சேர்ந்தது.

ஒன்றாம் தேதி பிறந்தது. ஓனர் படங்கள் அனுப்பினார். இரண்டாம் மாடி, முதல் மாடி, கீழ்வீடு. மேல் அறைக்கு ஒன்றும் இல்லை. "அக்கா ரசீது அம்மாவுக்கு" என்று யாரும் கேட்கவில்லை. அவள் தெரிந்துகொண்டே இரண்டு தடவை தள்ளிப் பார்த்தாள். மற்றவர்களுக்குச் சீட்டு எழுதிக் கம்பியில் குத்தினாள். வீடு வழக்கத்தைவிட அமைதியாக இருப்பதுபோல் இருந்தது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ரசீது எழுதி முடித்த அன்று மத்தியானம் போன் அடித்தது. அந்த அம்மாதான்.

"இந்த மாச ரசீது வரலையேம்மா."

ரசீதக்கா திகைத்துப்போனாள். மறந்துவிட்டாளா? புத்தி பேதலித்துவிட்டதா? "அம்மா, நீங்கதானே பேங்க்ல..."

"தெரியும். நான்தான் நிறுத்தினேன். எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு." மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "அவன் கம்பெனியில கேட்டேன், தெரியலங்கிறாங்க. போலீஸ்ல கேட்டேன், தேடுறோம்கிறாங்க. சொந்தக்காரங்க எல்லாம் வந்துடுவான், வந்துடுவான்னு சொல்றாங்க. யாரும் இல்லாததை இல்லைன்னு சொல்லமாட்டேங்கிறாங்க. நீங்கதான் வந்தா வந்ததுன்னு எழுதுவீங்க, வரலைன்னா எழுதமாட்டீங்க. அதான் உங்ககிட்ட கேக்கிறேன். சொல்லுங்க. வந்ததா?"

ரசீதக்கா கம்பியைப் பார்த்தாள். குத்திய சீட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நிஜமாகவே பார்த்துச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள்.

"வரலைம்மா," என்றாள்.

மறுமுனையில் அந்த அம்மா அழத் தொடங்கினாள். அறையைத் திறந்த அன்று அழாதவள், போலீஸில் அழாதவள், அப்போதுதான் அழுதாள். ரசீதக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.